கொட்டாத தேனீ, அரை கிலோ தேன்: மரப்பெட்டியில் கொசுத்தேனீ வளர்ப்பு மும்பைக்கு ஏற்றதா?

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலருக்குக் கொசுத்தேன் புதிய பொருள் அன்று. சுவர் விரிசலிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும் கொசு அளவிலான கரிய தேனீக்கள் சேர்க்கும் புளிப்புக் கலந்த தேன் அது. சாதாரணத் தேனைவிடப் பல மடங்கு விலைக்கு விற்பதால், மாடியிலும் பால்கனியிலும் சிறிய மரப்பெட்டியை வைத்து இத்தேனீக்களை வளர்க்கலாம் என்ற ஆர்வம் நகரங்களிலும் பரவி வருகிறது. ஆனால் பெட்டி வாங்குவோரில் பலர் முதல் ஆண்டிலேயே இரண்டு ஏமாற்றங்களைச் சந்திக்கின்றனர். தேன் எதிர்பார்த்த அளவு கிடைப்பதில்லை. கூடு மழைக்காலத்தில் அழிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் காரணம் இத்தேனீயின் கூட்டமைப்பிலேயே உள்ளது.

கொடுக்கு இல்லை, ஆனால் காவல் உண்டு

இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படும் கொடுக்கில்லாத் தேனீயின் அறிவியல் பெயர் டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். இலங்கையில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1854-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதனை விவரித்தார். தமிழில் கொசுத்தேனீ என்றும், கேரளத்தில் செறுதேனீ என்றும் இது அழைக்கப்படுகிறது. பணித் தேனீயின் உடல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் மட்டுமே.

கொடுக்கு முற்றிலும் குறுகிப் பயனற்றுப் போனதால் இத்தேனீயால் கொட்ட இயலாது. அதற்குப் பதிலாக மரங்களிலிருந்து சேகரிக்கும் பிசினே இதன் ஆயுதம். பிசினையும் மெழுகையும் கலந்து கூட்டின் வாயிலில் ஒரு சிறிய குழாயைக் கட்டுகிறது. அதன் விளிம்பில் காவல் தேனீக்கள் வரிசையாக நிற்கும். எறும்பு நெருங்கினால் ஒட்டும் பிசினை அதன் மீது பூசி முடக்கிவிடும். மனிதர்கள் கூட்டைத் திறந்தால் தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும். வலி அதிகம் இராது என்றாலும் தொல்லை உண்டு. தலையில் ஒரு மெல்லிய வலையை அணிந்துகொண்டால் போதுமானது. குழந்தைகளும் முதியோரும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் இத்தேனீயை வளர்க்க முடிவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

கூட்டுக்குள் அறுகோண அடை இல்லை

இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ ஆகிய இரண்டும் மெழுகால் செங்குத்தான அடைகளைக் கட்டுகின்றன. அதே வடிவ அறுகோண அறைகளில்தான் தேனும் சேமிக்கப்படுகிறது, புழுக்களும் வளர்கின்றன. எனவே அடை கட்டிய மரச்சட்டத்தை வெளியே எடுத்து, சுழற்றும் எந்திரத்தில் இட்டுத் தேனை மட்டும் பிரித்தபின் அதே சட்டத்தைத் திரும்ப வைத்துவிடலாம். தேனீக்கள் புதிதாக அடை கட்ட வேண்டியதில்லை.

கொசுத்தேனீயின் கூட்டில் சட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்டியின் நடுப்பகுதியில் சிறு மணிகளைக் கொத்தாகக் கோத்ததுபோல் முட்டை அறைகள் அமைந்திருக்கும். அவற்றை ஒட்டி மகரந்தச் சிமிழ்களும், விளிம்புப் பகுதிகளில் தேன் சிமிழ்களும் இருக்கும். ஒவ்வொரு சிமிழும் பட்டாணி அளவில் மெழுகும் பிசினும் கலந்து கட்டப்பட்டது. தேனை எடுக்க வேண்டுமானால் சிமிழை உடைத்தே ஆக வேண்டும். உடைத்த சிமிழை எந்திரத்தில் சுழற்றித் திரும்பத் தர இயலாது. அதனால் ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் தேனீக்கள் சேமிப்புக் கலங்களை மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டியுள்ளது.

புழு வளர்க்கும் முறையும் வேறுபடுகிறது. சாதாரணத் தேனீக்களில் பணித் தேனீக்கள் திறந்த அறையிலுள்ள புழுவுக்கு நாள்தோறும் உணவூட்டுகின்றன. கொசுத்தேனீயோ ஓர் அறையில் முழு வளர்ச்சிக்கும் தேவையான உணவை முதலிலேயே நிரப்பிவிடுகிறது. ராணி அதன்மேல் ஒரு முட்டை இட்டதும் அறை மூடப்படுகிறது. பிறகு தேனீ வெளிவரும் வரை அந்த அறை திறக்கப்படுவதில்லை. முட்டையிலிருந்து முழுத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகிறது. சாதாரணத் தேனீக்களில் பணித் தேனீ உருவாக மூன்று வாரமே போதும். ஆகவே சேதமடைந்த கொசுத்தேனீக் கூடு மீண்டெழ இரண்டு மடங்கு காலம் பிடிக்கிறது.

இரண்டு லிட்டர் பெட்டியின் கணக்கு

இத்தேனீ வளர்ப்பில் நாட்டில் நீண்ட அனுபவம் உள்ள இடம் கேரளமும் அதை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டமும் ஆகும். அங்கு மூங்கில் துண்டுகளிலும் மண்கலயங்களிலும் கொசுத்தேனீயை வைத்திருக்கும் பழக்கம் பழமையானது. 1991-92-இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் இந்தியத் தேனீக் கூடுகளைப் பேரளவில் அழித்தது. அந்தப் பேரழிவுக்குப் பின் கொசுத்தேனீ வளர்ப்பின் மீதும் கவனம் திரும்பியது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் இயங்கும் தேனீ ஆய்வு மையம், இத்தேனீக்கேற்ற மரப்பெட்டியின் அளவை ஆராய்ந்து, 1,960 கன சென்டிமீட்டர் கொள்ளளவைப் பரிந்துரைத்தது. அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர். உட்புறம் 35 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் உயரம் கொண்ட நீளப் பெட்டியின் கொள்ளளவு சரியாக இவ்வளவே வரும்.

இத்தாலியத் தேனீக்கு வைக்கப்படும் பத்துச் சட்டப் பெட்டியின் ஓர் அடுக்கு மட்டுமே 40 லிட்டர் அளவு கொண்டது. அப்படியானால் கொசுத்தேனீக்குச் சற்றே பெரிய பெட்டி வைத்தால் கூடுதல் தேன் கிடைக்காதா என்ற கேள்வி எழுவது இயல்பு. கிடைக்காது என்பதே நடைமுறை அனுபவம். இக்கூட்டில் இருப்பவை சில ஆயிரம் தேனீக்கள் மட்டுமே. பெட்டி பெரிதானால், வெற்றிடத்தைப் பிசினால் அடைக்கவும் காவல் காக்கவுமே அவற்றின் உழைப்பு செலவாகும். அந்த இடைவெளியில் எறும்பும் சிலந்தியும் குடியேறும்.

ஒரு கூட்டிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக அரை கிலோ அளவிலும், வலுவான கூட்டில் நல்ல பூக்காலத்தில் ஒரு கிலோ வரையிலும் தேன் எதிர்பார்க்கலாம். சில கூடுகளில் முந்நூறு கிராமோடு நின்றுவிடுவதும் உண்டு. இந்தியத் தேனீக் கூட்டில் பல கிலோவும், இடம்விட்டு இடம் கொண்டுசெல்லப்படும் இத்தாலியத் தேனீக் கூட்டில் 30 கிலோவுக்கு மேலும் கிடைப்பதுடன் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் பெட்டியின் அளவோடு ஒப்பிட்டால் கதை மாறுகிறது. அரை கிலோ கொசுத்தேனின் கன அளவு ஏறத்தாழ 365 மில்லிலிட்டர். இரண்டு லிட்டர் பெட்டியில் இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய இடத்தில் முட்டை அறைகளும், மகரந்தமும், பிசினும், தேனீக்கள் நடமாடும் வழியும் இருக்க வேண்டும். எனவே இதே அளவுப் பெட்டியில் ஒரே அறுவடையில் இரண்டு கிலோ தேன் கிடைக்கும் என்று எவரேனும் கூறினால், அக்கூற்று கணக்குக்கே பொருந்தாது.

ராணியால் பறக்க இயலாது

கொசுத்தேனீ வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டிய முதன்மையான வேறுபாடு ராணியைப் பற்றியது. சாதாரணத் தேனீக் கூட்டம் பிரியும்போது மூத்த ராணி ஒரு பகுதித் தேனீக்களுடன் வெளியேறுகிறது. புதிய ராணி பழைய கூட்டில் தங்குகிறது. உணவு குறைந்தாலோ தொல்லை மிகுந்தாலோ இந்தியத் தேனீக் கூட்டம் முழுவதுமே ராணியுடன் பறந்துவிடுவதும் உண்டு.

கொசுத்தேனீயில் முட்டையிடத் தொடங்கிய ராணியின் வயிறு பெருத்துவிடுவதால் அதனால் பறக்க முடியாது. ஆகையால் பெட்டியைக் கைவிட்டு இத்தேனீ ஓடிப்போவது மிக அரிது. கூட்டம் பிரியும்போதும் இளம் ராணியே வெளியேறுகிறது. அதற்கு முன்பாகப் பணித் தேனீக்கள் புதிய இடத்தைத் தேர்ந்து, தாய்க்கூட்டிலிருந்து மெழுகு, பிசின், தேன் ஆகியவற்றை நாள்கணக்கில் சுமந்து சென்று அங்கு வீட்டை ஆயத்தம் செய்கின்றன.

இதே இயல்பு கூட்டின் பலவீனமாகவும் ஆகிறது. பழைய கட்டடச் சுவரில் உள்ள கூட்டைத் தேனுக்காக உடைப்போர் சிமிழ்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுச் செல்கின்றனர். பறக்க இயலாத ராணி இடிபாட்டிலேயே மடிகிறது. சில நூறு கிராம் தேனுக்காக ஒரு கூடு முழுவதும் அழிந்துவிடுகிறது.

சுவரை உடைக்காமலே கூட்டைப் பெட்டிக்குப் பழக்கும் முறை ஒன்று உண்டு. சுவரிலுள்ள வாயிலையும் வெற்றுப் பெட்டியின் பின்புறத் துளையையும் ஒரு சிறு நெகிழிக் குழாயால் இணைத்து, சுற்றிலும் இடைவெளி இன்றி அடைக்க வேண்டும். பெட்டியின் முன்புறத்தில் மற்றொரு துளை இருக்கும். சுவர் வாயிலில் இருந்த பிசின் குழாயைப் பெயர்த்து அந்த முன்துளையில் ஒட்டிவிட்டால், தேனீக்கள் அதன் வாசனையை அடையாளம் கண்டு அதன் வழியே போய்வரத் தொடங்கும். வெளியே செல்லும் ஒவ்வொரு தேனீயும் பெட்டியைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், சில மாதங்களில் பெட்டிக்குள்ளும் சிமிழ்கள் கட்டப்படும். எனினும் உள்ளே முட்டை அறைகள் தோன்றாத வரை அது வெறும் நடைபாதையும் கிடங்குமே தவிரத் தனிக் கூடு ஆகாது. வேறொரு கூட்டிலிருந்து முதிர்ந்த முட்டை அறைக் கொத்தையும் ஒரு ராணி அறையையும் உள்ளே வைத்து, புதிய ராணி முட்டையிடுவதை உறுதி செய்த பின்னரே இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

ஒரு பெட்டியை இரண்டாக்கும் முறை

பெட்டியை நீளவாக்கில் மேல், கீழ் என இரு சம பாதிகளாகச் செய்து கீலால் இணைப்பது வழக்கம். புத்தகத்தைப் போல் திறந்தால் கூடு இரு பாதிகளிலும் பிரிந்து தெரியும். பூக்கள் நிறைந்துள்ள காலத்தில், வெயில் தணிந்த மாலை வேளையில் பிரித்தல் நடைபெற வேண்டும்.

முதலில் முட்டை அறைகளின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். புதிய அறைகள் கரும்பழுப்பாக இருக்கும். உள்ளே புழு கூட்டுப்புழுவாக முதிரும்போது பணித் தேனீக்கள் வெளிமெழுகைச் சுரண்டி எடுத்துவிடுவதால் அறை வெளிறிய பழுப்பு நிறத்துக்கு மாறும். புதிய பெட்டிக்கு வெளிறிய அறைகளே தேவை. அவற்றிலிருந்துதான் விரைவில் தேனீக்கள் வெளிவரும். கரும்பழுப்பு அறைகளை மட்டும் வைத்தால், புதிய தேனீக்கள் வருமுன் பழையவை முதுமையால் இறந்து கூடு தளர்ந்துவிடும்.

அடுத்து ராணி அறையைத் தேட வேண்டும். கொத்தின் விளிம்பில் மற்ற அறைகளைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தென்படுவது அதுவே. சாதாரணத் தேனீக்கள் ராணியை இழந்தால் ஓர் இளம் புழுவுக்குச் சிறப்பு உணவூட்டிப் புதிய ராணியை உருவாக்கிக்கொள்ளும். கொசுத்தேனீயின் அறைகள் உணவுடன் மூடப்பட்டுவிடுவதால் அந்த வாய்ப்பை நம்பியிருக்க முடியாது. ராணி அறை கண்ணில் படவில்லை எனில் அன்றைக்குப் பிரிப்பதைக் கைவிட்டுப் பெட்டியை மூடிவிடுவதே முறை.

முட்டை அறைகளில் பாதியையும் ராணி அறையையும், உடையாத மகரந்தச் சிமிழ்கள், தேன் சிமிழ்கள் சிலவற்றையும் புதிய பெட்டிக்கு மாற்றியபின், அதனைப் பழைய பெட்டி இருந்த இடத்தில் வைக்க வேண்டும். மூத்த ராணி உள்ள பழைய பெட்டி வேறிடத்துக்குச் செல்லும். வெளியே சென்ற தேனீக்கள் பழகிய இடத்துக்கே திரும்புவதால் புதிய பெட்டிக்கு உழைக்கும் தேனீக்கள் கிடைத்துவிடும். பழைய வாயில் குழாயின் ஒரு துண்டைப் புதிய துளையில் ஒட்டுவது அவற்றின் குழப்பத்தைத் தவிர்க்கும்.

இந்தப் பணியில் மிகுதியாக நேரும் தவறு சிமிழ்களை உடைத்துச் சிந்துவதுதான். சிந்திய தேனுக்கு எறும்புகளும், கசிந்த மகரந்தத்துக்குச் சிறு ஈக்களும் வந்து சேரும். ஈக்கள் இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் சில நாள்களில் கூட்டையே சிதைத்துவிடும். எனவே உடைந்தவற்றை உள்ளே விடாமல் அகற்றி, மூடிய பின் இடைவெளிகளை ஒட்டுநாடாவால் அடைத்துவிட வேண்டும். பெட்டியைத் தாங்கும் கம்பியிலோ கால்களிலோ எண்ணெய் அல்லது தண்ணீர்த் தடுப்பு அவசியம்.

மும்பை மழையும் கொசு மருந்துப் புகையும்

கேரளத்தில் கோடையில் தேன் எடுக்கப்படுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை காரணமாகப் பற்றாக்குறைக் காலம். மும்பையின் பருவமழையும் ஏறத்தாழ இதே மாதங்களில் கொட்டுகிறது. தொடர் மழையில் தேனீக்கள் வெளியே செல்ல இயலாது. சேமிப்பை உண்டே வாழ வேண்டும். மே மாத இறுதியில் எல்லாச் சிமிழ்களையும் எடுத்த கூடு ஜூலையில் பட்டினியால் இறப்பது இதனால்தான். தேன் சிமிழ்களில் பாதியையேனும் கூட்டுக்கே விட்டுவிடுவது பாதுகாப்பானது.

சமையலறைத் தராசே இதற்கு உதவும். எடுத்துக்காட்டாக, வெற்றுப் பெட்டியின் எடை 900 கிராம் எனத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால், ஏப்ரலில் பெட்டி 2,000 கிராம் காட்டும்போது உள்ளே 1,100 கிராம் இருப்பது தெரியும். இதில் தேன் மட்டுமன்றிப் பிசினும் முட்டை அறைகளும் மகரந்தமும் அடங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடை பார்த்து, தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகைச் சிறு மூடியில் ஊற்றி, தேனீக்கள் மூழ்காதபடி குச்சிகள் இட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம்.

கூட்டின் நலத்தைப் பெட்டியைத் திறக்காமலும் அறியலாம். வாயில் குழாயின் விளிம்பு மென்மையாகவும் ஒட்டும் தன்மையுடனும் இருந்து, காவல் தேனீக்கள் நின்று, கால்களில் மகரந்தம் சுமந்த தேனீக்கள் உள்ளே நுழைந்தால் ராணி முட்டையிடுகிறது என்று கொள்ளலாம். குழாய் காய்ந்து இறுகி, காவலின்றிக் கிடந்தால் கூடு தளர்ந்துவிட்டது என்பது பொருள்.

நகரத்தில் மற்றோர் ஆபத்து, மழைக்காலத்தில் டெங்கு, மலேரியாவைத் தடுக்க அடிக்கப்படும் கொசு மருந்துப் புகை. கொசுவைக் கொல்லும் மருந்து கொசு அளவுத் தேனீயையும் கொல்லும். புகை அடிக்கும் வேளையில் வாயிலை மெல்லிய வலைத்துணியால் மூடி, பெட்டியை வீட்டுக்குள் எடுத்துவைத்து, புகை முற்றிலும் கலைந்த பின் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். குடியிருப்புச் சங்கம் பூச்சி மருந்து தெளிக்கும் நாளையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

உணவுத் தொலைவும் கணக்கில் கொள்ள வேண்டியது. இச்சிறு தேனீ பெரும்பாலும் சில நூறு மீட்டர் சுற்றளவுக்குள்ளேயே உணவு தேடுகிறது. தாராவியை ஒட்டி, ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்த நிலத்தில் உருவாக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்கள், செம்பூரில் மரங்கள் செழித்த குடியிருப்புகள் ஆகியவற்றின் அருகில் உள்ள வீடுகளுக்கு வாய்ப்பு அதிகம். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே, தென்னையும் முருங்கையும் கொடிரோஜாவும் துளசியும் எட்டும் தொலைவில் இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் தேனை எதிர்பார்க்க முடியாது. மரப்பிசின் அரிதான இடங்களில் இவ்வகைத் தேனீக்கள் காயாத பெயிண்டையும் தாரையும் சேகரிப்பது பதிவாகியுள்ளது. எனவே வண்ணப்பூச்சுப் பணி நடைபெறும் கட்டடத்தில் அந்தப் பருவத்தில் தேன் எடுக்காதிருப்பதே சரி.

தேனை எடுப்பதும் வைப்பதும்

அறுவடைக்குப் புகை தேவையில்லை. ஓரங்களில் உள்ள தேன் சிமிழ்களைத் துருப்பிடிக்காத கரண்டியால் பெயர்த்து, சுத்தமான சல்லடையில் இட்டு, கீழே பாத்திரம் வைத்து வெயிலின் இளஞ்சூட்டில் வடியவிடுவது கேரள வழக்கம். மேலே மெல்லிய துணி மூடியிருக்க வேண்டும். மகரந்தச் சிமிழ்கள் கலந்துவிட்டால் தேன் கலங்கி விரைவில் நுரைக்கும். பிழிவதைத் தவிர்ப்பதும் இதற்காகவே.

கொசுத்தேன் நீர்த்திருப்பது கலப்படத்தின் அடையாளம் அன்று. சாதாரணத் தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர நெறி. கொடுக்கில்லாத் தேனீயின் தேன் இயல்பாகவே அதைத் தாண்டிவிடும். இதனால் மலேசியா 2017-இல் இத்தேனுக்கெனத் தனித் தரம் வகுத்து, 35 விழுக்காடு வரை ஈரப்பதத்தை ஏற்றது. 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய, மலேசிய இனங்களின் தேனில் டிரிஹாலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தனர். இந்தச் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகச் சேர்கிறது. ஆனால் அந்த ஆய்வு இந்தியக் கொசுத்தேனைப் பற்றியது அன்று. அதைக் காட்டி நீரிழிவு நோயாளிகளுக்கு இத்தேனை மருந்தாக விற்பதை நம்ப வேண்டியதில்லை.

ஈரப்பதம் மிகுந்த இத்தேன் மும்பையின் வெப்பத்தில் வெளியே வைத்தால் புளித்து வாயு உண்டாக்கும். இறுக மூடிய பாட்டிலின் மூடி தெறிப்பதும் நேரும். வடித்தவுடன் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே ஏற்ற வழி. ஓராண்டு காத்திருந்து ஒரு பெட்டியிலிருந்து பெறுவது பெரும்பாலும் ஒரு பாட்டில் அளவே என்பதால், வருமானத்தை எண்ணித் தொடங்குவோர் தேனைவிட, பிரித்தெடுத்த புதிய கூடுகளின் எண்ணிக்கையையே கணக்கில் கொள்கின்றனர்.